நண்பனின் மதுப் பயண அழைப்பை மறுக்கும் குறுஞ்செய்தி: எப்படி எழுதுவது?

கரையோரம் | மார்ச் 4, இரவு 9.40

கல்லூரி நாள்களிலிருந்து எனக்கு மிக நெருக்கமான நண்பன் ஒருவன் வேலை மாறி, இம்மாதக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறான். போவதற்கு முன் பழைய நண்பர்கள் ஐந்து பேரும் இரண்டு இரவுகள் வெளியூரில் தங்கிக் குடித்துக் கொண்டாட வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான். 21 ஆம் தேதி புறப்பாடு. நான் சென்ற ஆண்டே குடியை நிறுத்திவிட்டேன். அது அவனுக்குத் தெரியும் என்றாலும், சில மாதங்களில் மாறிவிடும் என்றே நினைத்திருக்கிறான். எனக்குப் போக விருப்பமில்லை, அவனை இழக்கவும் விருப்பமில்லை. கீழே இருப்பதை எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

"டேய், கூப்பிட்டதற்கு ரொம்ப நன்றி. மன்னித்துவிடு, இந்த முறை என்னால் வர முடியாது போலிருக்கிறது. அந்த வாரம் அலுவலகத்தில் வேலை அதிகம், வீட்டிலும் ஆள் இல்லை, உடம்பும் அவ்வளவு சரியில்லை. குடியையும் விட்டுவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். தவறாக நினைக்காதே. ஏதாவது மாறினால் சொல்கிறேன். அடுத்த முறை கட்டாயம் பார்க்கலாம்."

தென்றல்வாசி | மார்ச் 4, இரவு 10.15

"என்னால் முடியாது" என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். "நான் குடிப்பதில்லை" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் வற்புறுத்துவதை நிறுத்திவிடுவார் என்று 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வே நிறுவியிருக்கிறது. அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும், மற்றவை அப்படியே இருக்கலாம்.

மழைக்குருவி | மார்ச் 4, இரவு 10.50

இதே சிக்கல் எனக்கும் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் காலாண்டு முடிந்ததும் மேலாளர் அனைவரையும் மது விருந்துக்கு அழைப்பார். போகாவிட்டால் பதவி உயர்வின்போது என் பெயர் நினைவுக்கு வராது என்று அஞ்சுகிறேன். நான் மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லித் தப்பித்து வருகிறேன். நீங்களும் அதையே சொல்லலாமே? மாத்திரை என்றால் எவரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

பழைய மேசை | மார்ச் 5, காலை 7.20

மது மீட்பு மையம் ஒன்றில் நீண்ட காலம் ஆலோசகராக வேலை செய்திருக்கிறேன். அங்கே வந்தவர்களோடு அமர்ந்து இத்தகைய செய்திகளை வரிவரியாகத் திருத்துவது என் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கரையோரம், உங்கள் செய்தியை உங்கள் நண்பனின் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். அவன் உங்களை நேசிக்கிறான், நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறான். அப்படிப்பட்டவன் ஒரு காரணத்தைப் படிக்கும்போது அதை எப்படித் தீர்த்துவைக்கலாம் என்றுதான் யோசிப்பான். அலுவலகத்தில் வேலை அதிகம் என்றால், "அப்படியானால் ஒரு வாரம் தள்ளி வைத்துக்கொள்வோம்" என்பான். வீட்டில் ஆள் இல்லை என்றால், "என் தம்பியை அனுப்புகிறேன்" என்பான். உடம்பு சரியில்லை என்றால், "இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, சரியாகிவிடும்" என்பான். இவை எதிலும் கெட்ட எண்ணம் இல்லை, எல்லாமே அன்பான பதில்கள்தாம். ஆனால் மூன்றும் முடிந்த பிறகு, உங்களுக்காக மொத்தப் பயணமும் தள்ளிப்போன நிலையில், உண்மையான காரணத்தோடு நீங்கள் தனியாக நிற்பீர்கள். அப்போது மறுப்பது இப்போது மறுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

அடுத்து, "போலிருக்கிறது", "ஏதாவது மாறினால் சொல்கிறேன்", "இந்த முறை", "அடுத்த முறை கட்டாயம்" என்னும் நான்கு இடங்களையும் பாருங்கள். முதல் இரண்டும் உங்கள் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்று சொல்கின்றன. பின் இரண்டும் அடுத்த பயணத்துக்கு நீங்கள் வருவதாக வாக்குக் கொடுக்கின்றன. நீங்கள் அந்தப் பொருளில் எழுதியிருக்க மாட்டீர்கள், ஆனால் அவன் அந்தப் பொருளில் படிப்பதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

மழைக்குருவி சொல்லும் மாத்திரையும் இதே வகைதான். சில நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகளோடு மது கூடாது என்பது உண்மை. ஆனால் அந்த மருந்துகள் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும், அவற்றோடு காரணமும் முடிந்துவிடும். அலுவலக விருந்து ஒரு மாலைப்பொழுது என்பதால் அங்கே அது செல்லுபடியாகலாம். ஆண்டுக்கணக்காகப் பழகிய நண்பனிடம், அவன் "என்ன மருந்து?" என்று உண்மையான அக்கறையோடு கேட்கும்போது, ஒரு பொய்யைக் காக்க இன்னொன்று தேவைப்படும்.

தென்றல்வாசி | மார்ச் 5, காலை 8.05

நான் சொன்ன ஆய்வைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. அது தவறா?

பழைய மேசை | மார்ச் 5, காலை 8.30

தவறில்லை, ஆனால் அது வேறொன்றைச் சொல்கிறது. வனெசா பாட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட் இருவரும் செய்த ஆய்வு அது. ஆசையைத் தூண்டும் ஒன்றை எதிர்கொள்ளும்போது ஒருவர் தமக்குத்தாமே "என்னால் முடியாது" என்று சொல்லிக்கொள்வதற்கும் "நான் செய்வதில்லை" என்று சொல்லிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை அது பார்த்தது. பின்னதைச் சொல்லிக்கொண்டவர்கள் தம் முடிவில் கூடுதலாக நிலைத்தார்கள். கேட்டவர் வற்புறுத்துவதை நிறுத்தினாரா என்பது அங்கே ஆராயப்பட்ட கேள்வி அன்று. ஆகவே அந்தச் சொல் கரையோரத்தை உறுதியாக வைத்திருக்க உதவலாம், நண்பனை அமைதிப்படுத்தும் என்று அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. செய்தியில் அதைச் சேர்ப்பதை நானும் விரும்புகிறேன்.

ஐந்தாம் இருக்கை | மார்ச் 5, பகல் 1.10

நான் எப்போதும் பயணத்தை ஏற்பாடு செய்பவனின் பக்கத்தில் இருப்பவன், குடிப்பவனும்கூட. அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

வரவில்லை என்று ஒருவர் சொல்வது எனக்கு வருத்தம் தரும், ஆனால் அது அன்று மாலையே ஆறிவிடும். ஆறாமல் இருப்பது "பார்க்கலாம்" என்னும் பதில்தான். ஐந்து பேர் என்றால் ஒரு வண்டி போதும். அறைகளை எப்படிப் பிரிப்பது, செலவை எத்தனை பங்காக வகுப்பது என்று எல்லாமே தலை எண்ணிக்கையைப் பொறுத்தது. "பார்க்கலாம்" என்றவரை நான் எண்ணிக்கையில் சேர்த்து முன்பணம் கட்டிவிடுவேன். முந்தைய இரவில் அவர் விலகினால் மற்ற நால்வரின் பங்கும் உயரும். அப்போது வரும் கோபத்துக்கும் அவர் குடிப்பதற்கோ குடிக்காததற்கோ எந்தத் தொடர்பும் இல்லை.

எனவே கரையோரம், சொற்களைச் செதுக்கிக்கொண்டே நாள்களைக் கடத்தாதீர்கள். அறை பதிவு செய்யும் முன் செய்தி போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே பதிவு செய்துவிட்டான் என்றால், உங்கள் பங்கைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் வந்து குடிக்காமல் இருக்கலாமே? வண்டி ஓட்ட ஓர் ஆள் தேவைதானே? எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார், அவர் இல்லாமல் நாங்கள் புறப்படுவதே இல்லை.

கரையோரம் | மார்ச் 5, இரவு 8.45

அனைவருக்கும் நன்றி. அறை இன்னும் பதிவாகவில்லை, வாரக் கடைசியில் பதிவு செய்யப்போவதாகச் சொன்னான். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி நானும் யோசித்தேன். ஒரு மாலை விருந்து என்றால் போய், ஒரு மணி நேரம் இருந்து, வாழ்த்திவிட்டுக் கிளம்பிவிடுவேன், அப்படிச் செய்துமிருக்கிறேன். இது இரண்டு இரவு, ஒரே வண்டி, ஒரே அறை. எனக்கு வேண்டிய நேரத்தில் கிளம்ப வழியில்லை. எவரும் என்னை வற்புறுத்தாவிட்டாலும், அந்த இரண்டாம் இரவில் நான் எப்படி இருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பழைய மேசை | மார்ச் 5, இரவு 9.30

நீங்கள் சொல்வது எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட ஒன்று. மீண்டும் குடிக்கத் தொடங்கும் சூழல்களை வகைப்படுத்திய ஆலன் மார்லட், சமூக அழுத்தத்தை இரண்டாகப் பிரித்தார். ஒருவர் கோப்பையை நீட்டி "குடி" என்பது நேரடி அழுத்தம். எவரும் ஒன்றும் சொல்லாமல், சுற்றியிருப்பவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பது மறைமுக அழுத்தம். நல்ல நண்பர்கள் முதலாவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டாவதை அவர்கள் நினைத்தாலும் நிறுத்த முடியாது, ஏனெனில் பயணமே அதற்காகத்தான்.

ஐந்தாம் இருக்கையின் நண்பர் அதைத் தாங்குகிறார் என்றால் மகிழ்ச்சி. குடியை நிறுத்திப் பல்லாண்டு ஆனவருக்கும், குடிக்கும் பழக்கமே இல்லாதவருக்கும் அது பெரிய சுமையாக இல்லாமல் போகலாம். சென்ற ஆண்டு நிறுத்தியவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதோடு, "வண்டி ஓட்ட வா" என்று நண்பன் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடுத்து வரும் கேள்வி அதுதான்.

கரையோரம் | மார்ச் 6, காலை 6.50

இரவு உட்கார்ந்து திருத்தினேன்.

"டேய், என்னையும் சேர்த்துத் திட்டமிட்டதற்கு நன்றி. நான் இந்தப் பயணத்துக்கு வரவில்லை. குடியை நிறுத்திவிட்டேன், குடிக்கும் பயணங்களுக்கும் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். நீங்கள் குடிப்பதைப் பற்றி நான் எதுவும் தவறாக நினைக்கவில்லை. உன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நீ போவதற்குள் ஒரு நாள் சந்திப்போம்."

உறுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் படிக்கும்போது ஏதோ ஓர் அறிவிப்பைப் போல இருக்கிறது. அவனுக்கு எழுதியதாகத் தோன்றவில்லை.

ஐந்தாம் இருக்கை | மார்ச் 6, காலை 9.15

"தவறாக நினைக்கவில்லை", "கோபமும் இல்லை" என்னும் இரண்டு வரிகளையும் நீக்குங்கள். இவற்றைப் படிக்கும் வரை நீங்கள் என்னைத் தவறாக நினைக்கிறீர்களோ என்னும் எண்ணமே எனக்கு வந்திருக்காது, படித்த பிறகு அதுமட்டுமே மனத்தில் நிற்கும்.

"குடிக்கும் பயணங்களுக்கும் போவதில்லை" என்னும் வரியும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. எங்கள் கூட்டத்தையே ஒதுக்கிவைப்பதுபோல் ஒலிக்கிறது.

பழைய மேசை | மார்ச் 6, காலை 10.00

முதலாவதை முழுவதும் ஏற்கிறேன். இரண்டாவதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அந்த வரி இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு இதே நண்பர்கள் இதே அழைப்போடு வருவார்கள், இவரும் இதே செய்தியை மீண்டும் எழுதுவார். உறுத்துகிறது என்பது உண்மைதான், அந்த உறுத்தலை வேறொரு வரி ஈடுசெய்ய வேண்டும்.

அந்த வரிதான் இன்னும் எழுதப்படவில்லை. மறுப்பைத் தளர்த்திக் கனிவை உண்டாக்க முயன்றால் இரண்டும் கெடும். மறுப்பு பயணத்தைப் பற்றியது. கனிவு அந்த மனிதனைப் பற்றியது. ஆகவே அவனைப் பற்றி, அவனுக்கு மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரியை நீங்கள் எழுத வேண்டும். இன்னொரு நண்பருக்கு அதே வரியை அனுப்ப முடியும் என்றால் அது போதாது.

"ஒரு நாள் சந்திப்போம்" என்பதும் அப்படித்தான். நாளும் நேரமும் இடமும் இல்லாத மாற்றுத் திட்டத்தை எவரும் நம்புவதில்லை. ஊரைவிட்டுப் போகிறவனுக்கு அது வெறும் மரியாதைச் சொல்லாகப் படும். மதுவுக்கு இடமில்லாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், காலை நேரம் இயல்பாகவே பொருந்தும்.

மழைக்குருவி | மார்ச் 6, பகல் 12.40

என் மேலாளருக்கும் இப்படி எழுதலாமா? அவருக்கென்று தனியாக எழுத எனக்கு எந்த நினைவும் இல்லை.

பழைய மேசை | மார்ச் 6, பகல் 1.05

வேண்டாம். உங்கள் மேலாளருக்கு உங்கள் வாழ்க்கை முடிவைத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "மாலை நிகழ்ச்சியில் கலந்துகொள்ள இயலாது, குழுவின் பணிக்கு என் வாழ்த்துகள்" என்றால் போதும். அல்லது தொடக்கத்தில் சிறிது நேரம் இருந்துவிட்டு வாருங்கள். அங்கே நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கிளம்ப முடியும். உங்கள் நிலைக்கும் கரையோரத்தின் நிலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு அது.

கரையோரம் | மார்ச் 7, காலை 7.30

இதை அனுப்பிவிட்டேன்.

"டேய், என்னையும் சேர்த்துத் திட்டமிட்டதற்கு நன்றி. நான் இந்தப் பயணத்துக்கு வரவில்லை. குடியை நிறுத்திவிட்டேன், குடிக்கும் பயணங்களுக்கும் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். எனக்கு வேலை இல்லாமல் இருந்த மாதங்களில் தினமும் இரவு அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டவன் நீ. நீ ஊரைவிட்டுப் போகும் முன் உன்னோடு நிதானமாகப் பேச வேண்டும். 16 ஆம் தேதி ஞாயிறு காலை ஆறு மணிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன், இருவரும் நடக்கப் போவோம். நால்வரும் மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்."

மன்னிப்புக் கேட்கும் சொல்லை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அவனுக்கு நான் தீங்கு எதுவும் செய்யவில்லை என்பதை எண்ணிப் பார்த்த பிறகு, அந்தச் சொல் அங்கே எதற்கு என்று தோன்றியது.

தென்றல்வாசி | மார்ச் 7, காலை 8.10

நன்றாக இருக்கிறது. இருந்தாலும் ஒரு "வருத்தம்" இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அது மன்னிப்பு ஆகாது. அவனோடு அந்த இரண்டு நாள்களை இழப்பதில் உங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தால், அதைச் சொல்வதில் என்ன குறை?

கரையோரம் | மார்ச் 7, காலை 8.25

இருக்கிறது. அதைச் சொன்னால் "வருத்தமாக இருந்தால் வந்துவிடு" என்பான் என்று தயங்கினேன். நீங்கள் சொல்வதையும் மறுக்க முடியவில்லை.

கரையோரம் | மார்ச் 7, இரவு 10.20

பதில் வந்தது. முதலில், "சரி, குடிக்க வேண்டாம், சும்மா வா, வண்டியை நீயே ஓட்டு." பழைய மேசை சொன்னதே நடந்தது. நான் எழுதி வைத்திருந்ததை அனுப்பினேன்: "நீ எனக்காக யோசிப்பது புரிகிறது. ஆனாலும் நான் வரவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறேன்." அரை மணி நேரம் கழித்து, "நீ இல்லாமல் அது எனக்கு வழியனுப்பு விழாவே இல்லை" என்று எழுதினான். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. இது என்னை மிகவும் அசைத்துவிட்டது.

பழைய மேசை | மார்ச் 7, இரவு 10.45

அசைப்பது இயல்பு. அதற்குப் புதிய காரணம் எதையும் எழுதாதீர்கள். மது மறுப்பைப் பயிற்றுவிக்கும்போது நாங்கள் வலியுறுத்துவது இதுதான்: மறுபடி கேட்டால், அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளுங்கள், பிறகு அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள். விளக்கம் நீள நீளப் பேச்சுவார்த்தையும் நீளும். மூன்றாவது முறையும் வந்தால் எழுத வேண்டாம், அழையுங்கள். எழுத்தில் உங்கள் குரல் அவனுக்குக் கேட்காது.

இன்னொன்றையும் சொல்கிறேன். அழைப்பை மறுப்பவர்கள், அழைத்தவருக்கு ஏற்படும் வருத்தத்தை உள்ளதைவிடப் பெரிதாகக் கணிக்கிறார்கள் என்று ஜூலியன் கிவி, காலின் கர்க் இருவரின் ஆய்வு 2023 இல் வெளிவந்தது. மறுப்பு என்னும் செயலையே அழைத்தவர் பிடித்துக்கொள்வார் என்று நாம் நினைக்கிறோம். மறுப்பதற்கு முன் நாம் எதையெல்லாம் எண்ணிப் பார்த்திருப்போம் என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். உங்கள் நண்பனுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் இருக்கை | மார்ச் 8, காலை 9.00

நான் அந்த நண்பனாக இருந்தால், அந்தக் கடைசி வரியை உங்களை வளைப்பதற்காக எழுதியிருக்க மாட்டேன். உண்மையாகவே அப்படித் தோன்றியதால் எழுதியிருப்பேன். அதற்கு ஓர் உண்மையான வரியே பதில். நேற்றுத் தென்றல்வாசி சொன்ன வருத்தத்தை இங்கே வையுங்கள்.

கரையோரம் | மார்ச் 9, மாலை 5.10

அப்படியே செய்தேன். "எனக்கும் அது வருத்தமாகத்தான் இருக்கிறது. வரவில்லை என்பதில் மாற்றம் இல்லை" என்று எழுதிவிட்டு, சிறிது நேரத்தில் அழைத்தேன். தொடக்கத்தில் ஒற்றைச் சொற்களில் பேசினான். பிறகு, புதிய வேலையைப் பற்றி அவனுக்கு உள்ளூர இருக்கும் பயத்தைச் சொன்னான். மற்ற மூவரிடமும் அதைச் சொல்லவில்லையாம். ஞாயிறு வருவதாக ஒப்புக்கொண்டான். பயணத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. முழுவதும் ஏற்றுக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது.

இப்போது மற்ற மூவரும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். குழுவில் காரணத்தையும் சொல்ல வேண்டுமா?

ஐந்தாம் இருக்கை | மார்ச் 9, மாலை 6.00

சொல்லுங்கள். ஒரு முறை சொல்லிவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் மனைவி விடவில்லை, பணம் இல்லை என்று அவர்களே ஒன்றைக் கற்பித்துக்கொள்வார்கள்.

பழைய மேசை | மார்ச் 9, இரவு 7.15

நான் குழுவில் காரணம் சொல்வதைத் தவிர்ப்பேன். ஒருவருக்கு எழுதும்போது பதிலும் ஒன்றுதான் வரும். நால்வர் முன் வைக்கும்போது அவரவர் பங்குக்கு ஒரு கேலி வரும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "நான் வரவில்லை, அவனிடம் பேசிவிட்டேன், நால்வருக்கும் அறை பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றால் எண்ணிக்கை தெளிவாகிவிடும். காரணம் கேட்பவருக்குத் தனியாகச் சொல்லலாம்.

ஐந்தாம் இருக்கை | மார்ச் 9, இரவு 7.40

கேலிக்கு அஞ்சி மறைக்க வேண்டியவர்களா அவர்கள்? எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் எண்ணிக்கையைச் சொல்லும் வரி சரியானது. அதை இன்றே அனுப்புங்கள், நாளை பதிவு செய்துவிடுவார்கள்.

கரையோரம் | மார்ச் 9, இரவு 8.30

பழைய மேசை எழுதிய வரியையே குழுவில் அனுப்பிவிட்டேன். ஒருவர் மட்டும் தனியாகக் காரணம் கேட்டார், அவருக்கு உண்மையைச் சொன்னேன்.

பழைய மேசை | மார்ச் 9, இரவு 8.50

நல்லது. 21, 22 ஆம் தேதி இரவுகளில் அவர்கள் குடித்த நிலையில் உங்களைக் கூட்டாக அழைத்து, "இப்போதாவது கிளம்பி வா" என்று சொல்ல வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் நீங்களே நண்பனை அழைத்து, பயணம் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.